45 பிப், 0.30 லாட்: கணக்குப்படி 135, போனதோ 190 வெள்ளி. மீதி எங்கே?

ஈசூன்_குமார்
எல்லாருக்கும் வணக்கம். ஒரு கணக்கு உதைக்குது, யாராவது பார்த்துச் சொல்லுங்க.

புதன்கிழமை சாயங்காலம் EURUSD 0.30 லாட் வாங்கினேன். வாங்கின விலை 1.0850. ஸ்டாப் லாஸ் 1.0805-ல வெச்சிட்டுத் தூங்கிட்டேன். வியாழன் மத்தியானம் வேலையில இருக்கும்போது விலை இறங்கி ஸ்டாப் அடிச்சிருச்சு. விலையில நாலாவது தசம இடத்துல 1 மாறினா ஒரு பிப், ஆக 45 பிப் நஷ்டம். 0.30 லாட்டுக்கு ஒரு பிப் 3 டாலர்னு படிச்சிருக்கேன். 45-ஐ 3-ஆல பெருக்கினா 135.

ஆனா கணக்குல 3,000 வெள்ளி இருந்தது, இப்ப 2,809.95 காட்டுது. 190 வெள்ளி 5 காசு காணோம். கமிஷன் கிடையாதுன்னு சொல்லித்தான் கணக்குத் திறந்தாங்க. மீதி 55 வெள்ளி எங்க போச்சு?

இன்னொன்னு. இங்க 1:20 லீவரேஜ்தான் கிடைக்குது. கூட வேலை பார்க்கிற நண்பர் வெளிநாட்டு புரோக்கர்கிட்ட 1:500 வெச்சிருக்கார். “அங்க போட்டிருந்தா உனக்கு இந்தக் கவலையே இல்ல”ங்கிறார். இதே டிரேடை அங்க போட்டிருந்தா நஷ்டம் 25 மடங்கு ஆகியிருக்குமா, குறைஞ்சிருக்குமா?

ஜூரோங்_சேகர்
தம்பி, இதுல யோசிக்க என்ன இருக்கு? ஒரு லாட்டுக்கு பிப் 10 வெள்ளி. 0.30 லாட்டுக்கு 3 வெள்ளி. 45 பிப்னா 135 வெள்ளி. நான் USDSGD மட்டும்தான் போடுறேன், ஒரு தடவைகூட காசு பிசகினதில்ல. உங்க ஆளு 55 வெள்ளியை அமுக்கிட்டான். உடனே புகார் எழுதுங்க.

லீவரேஜ் கேள்விக்கு: ஆமா, லீவரேஜ் ஏற ஏற லாபம் நஷ்டம் ரெண்டும் அத்தனை மடங்கு ஏறும். அதுக்குத்தானே அந்தப் பேரு.

தேக்கா_ராஜா
எனக்கும் இதே அநியாயம்தான் அண்ணே. போன வாரம் ஊருக்குப் பணம் அனுப்பினேன். வாசல் பலகையில ஒரு ரேட் போட்டிருக்கான், உள்ள போய் ரசீது வாங்கினா வேற ரேட். கேட்டா “அது வாங்குற ரேட், இது விக்கிற ரேட்”ங்கிறான். எந்தக் கடையில நல்ல ரேட்னு தெரிஞ்சா சொல்லுங்க.

பழைய_டீலர்
ராஜா, உங்கள் கேள்வி வேறு. அதற்குத் தனி இழை தொடங்குங்கள். ஆனால் வாங்கும் ரேட், விற்கும் ரேட் என்று நீங்கள் சொன்னது இங்கேயும் ஓரமாக இருக்கிறது. பிறகு வருகிறேன்.

குமார், புகார் எழுத அவசரப்படாதீர்கள். ஒரு வங்கியின் டீலிங் அறையில் வரவு செலவு சரிபார்க்கும் மேசையில் இருந்தவன் நான். கணக்கு உதைத்தால் முதலில் கேட்கும் கேள்வி, “இந்த எண் எந்த நாணயத்தில்?” என்பதுதான்.

யூரோ/டாலர் ஜோடியில் நீங்கள் வாங்கியது யூரோ, அதற்கு விலையாகக் கொடுத்தது அமெரிக்க டாலர். ஒரு லாட் என்பது 100,000 யூரோ, ஆகவே உங்கள் 0.30 லாட் 30,000 யூரோ. விலை 1.0850-லிருந்து 1.0805-க்கு வந்தது, வித்தியாசம் 0.0045. இதை 30,000-ஆல் பெருக்கினால் 135 வருகிறது. நீங்கள் போட்ட கணக்கு சரிதான். ஆனால் அந்த 135 அமெரிக்க டாலர், சிங்கப்பூர் வெள்ளி அல்ல. விலையே டாலரில்தான் சொல்லப்படுகிறது, எனவே பிப்பின் மதிப்பும் டாலரில்தான் பிறக்கும். உங்கள் கணக்கு வெள்ளியில் இருப்பதால் அன்றைய டாலர்/வெள்ளி விலையில் மாற்றித்தான் கழிப்பார்கள். அன்று 1.345 வாக்கில் இருந்திருக்கும் என்று வையுங்கள்:

```
30,000 x 0.0045  = 135.00 USD
135.00 x 1.345   = 181.58 SGD
```

சேகர் சொல்லும் பிப்புக்கு 10 வெள்ளி அவர் போடும் ஜோடிக்கு மிகச் சரி. USDSGD-யில் விலையே வெள்ளியில் இருப்பதால் மாற்ற வேண்டிய வேலையே இல்லை. 45 பிப்புக்கு 0.30 லாட்டில் 135 வெள்ளி, காசு பிசகாது. அதே எண்ணை யூரோ/டாலருக்குக் கொண்டுவந்தால்தான் தப்புகிறது.

190.05-இல் 181.58 போக ஏறக்குறைய எட்டரை வெள்ளி மிச்சம். நீங்கள் புதன் சாயங்காலம் வாங்கி வியாழன் மத்தியானம் வரை வைத்திருந்தீர்கள். வரலாற்றுப் பக்கத்தில் Swap என்று ஒரு பத்தி இருக்கும், அதில் என்ன எண் என்று பாருங்கள். என் ஊகம், அங்கே எட்டரை வெள்ளி உட்கார்ந்திருக்கும்.

ஈசூன்_குமார்
அண்ணே, அப்படியே இருக்கு! Profit பத்தியில -181.58, Swap பத்தியில -8.47. கூட்டினா 190.05 சரியா வருது. ஆனா ஒரு ராத்திரிக்கு எட்டரை வெள்ளியா? புரோக்கரோட பட்டியல்ல ஒரு லாட்டுக்கு ஒரு ராத்திரி 7 டாலர்னு போட்டிருக்கு. எனக்கு 0.30 லாட்டுக்கு 2.10 டாலர்தானே வரணும்? அது மூணு வெள்ளிகூட ஆகாதே.

மீனா_பொங்கோல்
புதன்கிழமை ராத்திரி மூணு ராத்திரிக்குச் சமம் குமார். 2.10 டாலரை மூணால பெருக்குங்க, 6.30. அதை 1.345-ஆல பெருக்குங்க, 8.47 வரும்.

ஈசூன்_குமார்
வருது. ஆனா ஏன் மூணு?

பழைய_டீலர்
இந்தச் சந்தையில் இன்று பேசிய வியாபாரத்துக்கு இரண்டு வேலை நாள் கழித்துத்தான் பணம் கைமாற வேண்டும். புதன்கிழமை பேசினால் வெள்ளிக்கிழமை. நீங்கள் அதை முடிக்காமல் அடுத்த நாளுக்குத் தள்ளினால் கைமாறும் நாளும் ஒரு வேலை நாள் தள்ளிப்போகும். வெள்ளிக்கு அடுத்த வேலை நாள் திங்கள். சனி, ஞாயிறு சேர்த்து மூன்று நாள் வட்டியையும் அந்த ஒரே ராத்திரியில் எழுதிவிடுகிறார்கள். அதனால்தான் வெள்ளிக்கிழமை ராத்திரி வைத்திருந்தால் வார இறுதிக்கென்று தனியாக வெட்டமாட்டார்கள்.

நாள் மாறுவது நியூயார்க்கில் மாலை 5 மணிக்கு. அங்கே கோடை நேரம் ஓடும் மாதங்களில் அது நமக்கு விடியற்காலை 5 மணி, மற்ற மாதங்களில் 6 மணி. நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது வெட்டியிருப்பார்கள்.

உங்களிடம் ஏன் வாங்கினார்கள் என்றால், யூரோவை வாங்குவது டாலரைக் கடன் வாங்கி யூரோவைக் கையில் வைத்திருப்பது போன்றது. டாலர் வட்டி யூரோ வட்டியைவிட அதிகமாக இருக்கும் காலத்தில் வித்தியாசத்தை நீங்கள் கட்டவேண்டும். விற்றிருந்தால் தத்துவப்படி உங்களுக்கு வந்திருக்க வேண்டும். புரோக்கர் தன் பங்கை நடுவில் எடுத்துக்கொள்வதால் வருவது எப்போதும் கட்டுவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

ஜூரோங்_சேகர்
சரி, வெள்ளி-டாலர் விஷயத்தை ஒத்துக்கிறேன். என் ஜோடியில அந்தத் தொல்லை இல்லாததால கவனிச்சதில்ல. ஆனா லீவரேஜ் பத்தி நான் சொன்னது சரிதானே? 20 மடங்குன்னா 20 மடங்கு நஷ்டம்.

மீனா_பொங்கோல்
இல்ல சேகர் அண்ணே. மேல டீலர் ஐயா போட்ட கணக்கை இன்னொரு தடவை பாருங்க. 30,000, 0.0045, 1.345. அதுல 20 எங்கயாவது இருக்கா? லாபம் நஷ்டத்தைத் தீர்மானிக்கிறது லாட்டும் பிப்பும்தான். 1:20 கணக்குல போட்டாலும் 1:500 கணக்குல போட்டாலும் 0.30 லாட்டுக்கு 45 பிப் நஷ்டம் அதே 135 டாலர்தான்.

ஈசூன்_குமார்
அப்ப லீவரேஜ் எங்க வேலை செய்யுது? டிரேட் போட்ட உடனே 2,189 வெள்ளின்னு ஒரு எண் வந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டாங்களோன்னு பயந்துட்டேன்.

பழைய_டீலர்
அது கட்டணம் அல்ல, பிணையாக ஒதுக்கி வைத்த பணம். வியாபாரம் முடிந்ததும் திரும்ப விடுபட்டிருக்கும். லீவரேஜ் இந்த ஒரு எண்ணில்தான் வருகிறது. 30,000 யூரோவின் அன்றைய மதிப்பு 32,550 டாலர். சிங்கப்பூரில் நாணய ஆணையத்தின் விதிப்படி சாதாரண வாடிக்கையாளரிடம் குறைந்தது 5 விழுக்காடு மார்ஜின் பிடிக்கவேண்டும், 1:20 என்பது அதுதான். 5 விழுக்காடு 1,627.50 டாலர், வெள்ளியில் 2,188.99. உங்கள் நண்பரின் 1:500-இல் இதே வியாபாரத்துக்கு 65.10 டாலர், அதாவது 87.56 வெள்ளி ஒதுக்கினால் போதும்.

ஈசூன்_குமார்
அப்ப அவர் சொல்றதுதான் சரி. நஷ்டம் அதே, பிடிக்கிற பணம் மட்டும் குறைவு. அப்ப ஏன் எல்லாரும் 1:500-ஐப் பார்த்துப் பயப்படுறாங்க?

மீனா_பொங்கோல்
அந்த வாதத்துல பாதி உண்மை இருக்கு, அதுதான் சிக்கல். ஒரு பேச்சுக்கு, ரெண்டு புரோக்கரும் ஈக்விட்டி, அதாவது நஷ்டம் போகக் கணக்குல மிச்சமிருக்கிற பணம், மார்ஜின்ல பாதியாக் குறைஞ்சா தானாகவே டிரேடை மூடுறவங்கன்னு வைங்க. 3,000 வெள்ளியோட 0.30 லாட் போட்டா உங்க 1:20 கணக்குல ஏறக்குறைய 470 பிப் இறங்கினா மூடுவாங்க. 1:500 கணக்குல 730 பிப் வரைக்கும் தாங்கும். அதாவது லாட்டை மாத்தாம இருந்தா அதிக லீவரேஜ்ல இடம் அதிகம். உங்க நண்பர் இதைத்தான் பெருமையா சொல்லியிருப்பார்.

ஆனா அவர் 0.30 லாட்தான் போடுறாரான்னு கேளுங்க. ஒரு லாட்டுக்கு 300 வெள்ளிகூட ஒதுக்க வேண்டாம், கணக்குல 3,000 இருக்குன்னா யாரு 0.30-ல நிப்பாங்க? 3 லாட் போட்டார்னு வைங்க. மார்ஜின் 876 வெள்ளிதான், திரை பச்சையாத்தான் இருக்கும். இப்ப ஒரு பிப் 30 டாலர். உங்களுக்கு நடந்த அதே 45 பிப் அவருக்கு 1,350 டாலர், 1,816 வெள்ளி. கணக்குல பாதிக்கு மேல காலி. 64 பிப் இறங்கினா புரோக்கரே மூடிடுவான். யூரோ/டாலர்ல 64 பிப் ஒரே நாள்ல நகர்றது ஒண்ணும் அதிசயம் இல்ல.

உங்க 1:20 கணக்குல 3 லாட் போடப் பார்த்தா கிட்டத்தட்ட 21,900 வெள்ளி கேட்கும். 3,000 வெள்ளிக்கு அதிகபட்சம் 0.41 லாட்தான் திறக்க முடியும். விதி உங்க நஷ்டத்தைக் குறைக்கல, நீங்க எடுக்கக்கூடிய லாட்டுக்குத்தான் உச்சவரம்பு வெச்சிருக்கு.

ஜூரோங்_சேகர்
இது புரியுது. ஆனா மீனா, கடைசில சுத்தி வளைச்சு நான் சொன்ன இடத்துக்குத்தானே வந்தீங்க? லீவரேஜ் அதிகம்னா நஷ்டம் அதிகம்.

பழைய_டீலர்
நடப்பில் அப்படி முடிவதுண்டு, கணக்கில் அப்படி இல்லை. புரோக்கர் அனுமதிக்கும் லீவரேஜ் ஒன்று, நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் லீவரேஜ் இன்னொன்று. இரண்டாவதைப் பார்க்க ஒரே ஒரு வகுத்தல் போதும். குமார் பிடித்திருந்த வியாபாரத்தின் மதிப்பு வெள்ளியில் 43,780. கணக்கில் 3,000. வகுத்தால் 14.6. ஆக யூரோ ஒரு விழுக்காடு இறங்கினால் குமாரின் கணக்கு 14.6 விழுக்காடு இறங்கும். அவருக்கு நடந்ததும் அதுதான்: 45 பிப் என்பது 0.41 விழுக்காட்டு இறக்கம், கணக்கில் போனது சுவாப் நீங்கலாக 6 விழுக்காடு. மீனா சொன்ன 3 லாட்காரரின் எண் 146. அவர் புரோக்கர் 500 கொடுத்தார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

செங்காங்_அத்தை
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். நான் USDJPY-ல 0.10 லாட் போடுறேன். 20 பிப் லாபம்னு நினைச்சேன், நீங்க சொன்ன மாதிரி 10,000-ஐ 0.0020-ஆல பெருக்கினா 20 வருது. ஆனா திரையில 17 வெள்ளி சொச்சம்தான் காட்டுச்சு. விலை அப்ப 155 சுற்றி. எனக்கு ஏன் குறைவா வருது?

மீனா_பொங்கோல்
அத்தை, யென் ஜோடியில பிப் ரெண்டாவது தசம இடத்துல இருக்கும், 0.01. 20 பிப்னா 0.20. பத்தாயிரத்தைப் பெருக்கினா 2,000 வருது, ஆனா அது 2,000 யென். 155-ஆல வகுத்தா 12.90 டாலர், அதை 1.345-ஆல பெருக்கினா 17.35 வெள்ளி. உங்க திரை சரிதான். நீங்க கண்ட 20 தற்செயலா வந்த எண், எந்த நாணயமும் அதுக்குச் சொந்தம் கொண்டாடாது.

செங்காங்_அத்தை
அட, ஆமாம்மா. 17.35-தான் இருந்துச்சு. நன்றி.

ஈசூன்_குமார்
இன்னொரு சின்ன விஷயம். அன்னிக்கு நான் வாங்கினபோது சார்ட்ல விலை 1.0849 தான் காட்டுச்சு, எனக்கு 1.0850 போட்டிருக்காங்க. சார்ட்டைப் பார்த்தா 44 பிப்தான் இறங்கியிருக்கு. ஸ்டாப் லாஸ் தூரம் 450னு வேற ஒரு எண் வந்துச்சு, அதைப் பார்த்ததும் தலை சுத்திருச்சு.

பழைய_டீலர்
தேக்கா ராஜாவுக்கு நான் வைத்த பாக்கி இதுதான். சார்ட்டில் வழக்கமாக வரைவது நீங்கள் விற்கக்கூடிய விலை. வாங்கும்போது அதற்கு மேலே இருக்கும் விலையில் வாங்குகிறீர்கள், ஸ்பிரெட் என்கிற அந்த இடைவெளி அன்று ஒரு பிப். மூடும்போது விற்கும் விலையிலேயே மூடுகிறது, அதனால் சார்ட்டும் வியாபாரமும் 1.0805-இல் சந்தித்துக்கொண்டன. உங்கள் 45-இல் ஒரு பிப், 3 டாலர், அந்த இடைவெளிக்குப் போனது. கமிஷன் இல்லை என்று சொன்னார்களே, அவர்கள் சம்பாதிக்கும் இடம் இது.

450 என்பது புள்ளிகள். விலையை ஐந்தாவது தசம இடம் வரை 1.08500 என்று காட்டும் திரையில் பத்துப் புள்ளி சேர்ந்தால் ஒரு பிப். ஸ்டாப் லாஸைப் புள்ளியில் கேட்கும் பெட்டியில் 45 என்று அடித்தால் அது நாலரை பிப்தான். வாங்கிய சில நிமிடங்களில் அடித்துவிட்டால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஈசூன்_குமார்
இப்ப கடைசியா, எவ்வளவு லாட் போட்டிருக்கணும்? 45 பிப் ஸ்டாப்பை மாத்த எனக்கு இஷ்டமில்ல, சார்ட்படி அந்த இடம் சரின்னுதான் நினைக்கிறேன்.

மீனா_பொங்கோல்
பின்னாடியிருந்து போடுங்க. ஒரு டிரேட்ல 2 விழுக்காடு இழக்கலாம்னு முடிவு பண்ணினா 60 வெள்ளி, டாலர்ல 44.61. அதை 45-ஆல வகுத்தா ஒரு பிப்புக்கு 99 சென்ட். 0.10 லாட்டுக்கு ஒரு பிப் 1 டாலர், அதனால ஒரு படி கீழ இறங்கி 0.09 லாட். புதன்கிழமை தாண்டுமானா சுவாப்புக்கும் கொஞ்சம் இடம் விடுங்க.

பழைய_டீலர்
3,000 வெள்ளி கணக்குக்கு 2 விழுக்காடு எனக்கு அதிகமாகப் படுகிறது. 1 விழுக்காடு என்றால் 0.04 லாட்.

மீனா_பொங்கோல்
0.04 போட்டா 45 பிப் ஜெயிச்சாலும் 24 வெள்ளிதான் ஐயா. வேலைக்குப் போறவர் அதுக்காக ராத்திரி கண்விழிக்க மாட்டார், போர் அடிச்சு அடுத்த வாரமே 0.40 போடுவார். 2-ஏ இருக்கட்டும்.

பழைய_டீலர்
அது மனிதர்களைப் பற்றிய வாதம், கணக்கைப் பற்றியது அல்ல. அதில் நீங்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு பேரும் ஸ்டாப் போட்ட விலையிலேயே மூடும் என்று வைத்துக்கொண்டுதானே பேசுகிறோம்? 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று காத்துவந்த எல்லையை முன்னறிவிப்பில்லாமல் கைவிட்டது. 1.20-க்குக் கொஞ்சம் கீழே ஸ்டாப் வைத்திருந்த பலருக்கு அந்த விலையில் வாங்க எதிரே ஆளே இல்லை. வெகு கீழே போய்த்தான் மூடியது. போட்ட பணத்தையும் தாண்டிப் புரோக்கருக்குக் கடன்பட்டவர்கள் உண்டு. ஸ்டாப் என்பது அந்த விலை வந்ததும் கிடைக்கிற விலைக்கு விற்றுவிடு என்ற உத்தரவு மட்டுமே. உறுதியான விலை வேண்டுமென்றால் சில புரோக்கர்கள் தனிக் கட்டணத்துக்கு அப்படி ஒன்று தருகிறார்கள்.

ஜூரோங்_சேகர்
அது ஃபிராங்க். யூரோ/டாலர்ல அப்படி நடக்குமா?

பழைய_டீலர்
அந்த அளவுக்கு நடக்க வாய்ப்பு குறைவு. ஆனால் திங்கள் விடியற்காலை சந்தை திறக்கும்போது சிறு அளவில் நடப்பது சாதாரணம்.

ஈசூன்_குமார்
நண்பர்கிட்ட கேட்டேன். 2 லாட் போடுறாராம். அவரோட புரோக்கர் பேரை ஆணையத்தோட முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியல்ல தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கேன், இன்னும் பதில் இல்ல.

இன்னொன்னு கண்டுபிடிச்சேன். என் 181.58-ஐ 135-ஆல வகுத்தா 1.3450 வருது, அதாவது புரோக்கர் எனக்குப் போட்ட டாலர் விலை. ஆனா ஸ்டாப் அடிச்ச நிமிஷத்துல USDSGD சார்ட்ல 1.3443 இருந்திருக்கு. வித்தியாசம் ஒன்பது காசுதான், இருந்தாலும் கேட்கிறேன்.

பழைய_டீலர்
நல்ல வழியில் சோதித்திருக்கிறீர்கள். உங்கள் நஷ்டத்தைக் கட்ட டாலரை வாங்கவேண்டும், ஆகவே சார்ட்டில் இருப்பதைவிட உயர்ந்த விலைதான் போடுவார்கள். ஆனால் அதற்கு ஓரிரண்டு பிப்புக்கு மேல் போகாது என்று நினைக்கிறேன். ஏழு கொஞ்சம் கூடுதல்.

மீனா_பொங்கோல்
என் புரோக்கர் மாற்று விலையில அரை விழுக்காடு சேர்ப்பான், ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு. அப்படி இருந்தா குமாருக்கு 182 வெள்ளி தாண்டியிருக்கும், அதனால அது இல்ல. ஸ்பிரெட் அந்த நிமிஷம் விரிஞ்சிருந்திருக்கலாம்.

ஜூரோங்_சேகர்
இல்லன்னா அமுக்கிட்டான். ஒன்பது காசை.

ஈசூன்_குமார்
ஒப்பந்தத்தைத் தேடிப் பார்க்கிறேன். லாபம் வந்த பழைய டிரேட் ஒண்ணு இருக்கு, அதையும் வகுத்துப் பார்த்து சார்ட்டைவிடக் கீழ வருதான்னு நாளைக்குப் போடுறேன்.